கடனின் செலவு: கூப்பனைப் பார்க்காதீர்கள், இன்றைய விலையைப் பாருங்கள்

ஒரு நிறுவனம் கடனுக்கும் பங்கு மூலதனத்துக்கும் சேர்த்துச் சராசரியாக என்ன செலவிடுகிறது என்பதே எடையிட்ட சராசரி மூலதனச் செலவு. அதைக் கணக்கிடும்போது, கடன் பத்திரத்தில் அச்சிட்டிருக்கும் கூப்பன் விகிதத்தையே பலர் கடனின் செலவாகப் போட்டுவிடுகிறார்கள். அது பத்திரம் வெளியான நாளின் வட்டி. இன்று புதிதாகக் கடன் வாங்கினால் சந்தை என்ன கேட்கும் என்பதைச் சொல்வது, பத்திரத்தை இன்றைய விலைக்கு வாங்கி முதிர்வு வரை வைத்திருந்தால் கிடைக்கும் ஆண்டு வருவாய், அதாவது முதிர்வு வருவாய் விகிதம்தான்.

முகமதிப்பு 1,000 ரூபாய், கூப்பன் 8%, இன்னும் 5 ஆண்டுகள், சந்தை விலை 924 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எக்செலில் இப்படித் தட்டுங்கள்:

```
=RATE(5,80,-924,1000)
```

விடை ஏறக்குறைய 10%. விலைக்கு முன்னால் கழித்தல் குறியை விட்டுவிட்டால் பிழைதான் வரும். வட்டி ஆண்டுக்கு இருமுறை என்றால் 10 தவணை, 40 ரூபாய் என்று மாற்றி, விடையை ஆண்டு விகிதமாக்க வேண்டும்.

அடுத்தது வரி. 22% சலுகை விகிதத்தைத் தேர்ந்தெடுத்த இந்திய நிறுவனத்துக்குக் கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 25.17% ஆகிறது. வட்டி செலவாகக் கழிக்கப்படுவதால், வரிக்குப் பிந்தைய செலவு 10 × (1 − 0.2517), அதாவது 7.48%. கூப்பனை வைத்திருந்தால் 5.99% என்று வந்திருக்கும்.

கடன் 40%, பங்கு மூலதனம் 60%, பங்கின் செலவு 14% என்றால், மொத்த மூலதனச் செலவு 11.39%. கூப்பன் கணக்கில் அது 10.79%. ஆண்டுக்கு 11% தரும் திட்டம் ஒன்று அந்தத் தவறான கணக்கில் தேறிவிடும்! எடைகளுக்கும் முகமதிப்பை அல்ல, சந்தை மதிப்பையே எடுங்கள்.

தொடர்ந்து நட்டத்தில் ஓடும் நிறுவனத்துக்கு இந்த வரிச் சலுகை இப்போதைக்குக் கைக்கு வராது. அங்கே 10 சதவீதத்தையே வைத்துக்கொள்வது நல்லது.