பழைய நிலப் பதிவேட்டிலிருந்து ஒரே ஒரு வரி: நகல் கேட்டு எழுதும்போது செய்யும் தவறுகள்

என் மாமா ஒருவர் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் தன் தாத்தாவின் பெயர் இருக்கும் வரிக்குச் சான்றிட்ட நகல் கேட்டு நான்கு பக்கம் எழுதினார். தாத்தா எப்போது நிலம் வாங்கினார், பங்காளிகள் எப்படி வரப்பை நகர்த்தினார்கள், நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டக் காலத்தில் பட்டாவில் யார் பெயர் எப்படி ஏறியது என்று எல்லாம் அதில் இருந்தது. பழைய புல எண் மட்டும் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: "விவரம் போதாமையால் மனு முடித்துவைக்கப்படுகிறது." மாமாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் பதிவறையில் இருப்பவரின் இடத்திலிருந்து பார்த்தால் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த அலமாரியையும் திறக்க முடியாது.

ஏனென்றால் அந்தப் பதிவேடு ஆட்களின் பெயர் வரிசையில் இல்லை. மாவட்டம், வட்டம், கிராமம், அதற்குள் புல எண், அதற்குள் உட்பிரிவு. இந்த வரிசையில்தான் கைபோகும். பட்டாதாரர் பெயர் கடைசிப் பக்கமாக ஒதுங்கியிருக்கும் ஒரு கலம். "இன்னார் பெயரில் உள்ள நிலங்கள்" என்று கேட்டால், ஒருவர் உட்கார்ந்து கிராமம் முழுவதையும் வரி வரியாகப் படிக்கவேண்டும். அதை யாரும் செய்துதரமாட்டார்கள். முதல் தவறு இதுதான். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

சரி, எண்ணைக் கொடுத்தோம் என்று வையுங்கள். எந்த எண்? இன்றைய பட்டாவில் இருக்கும் எண்ணைக் கொடுத்தால் பழைய பதிவேட்டில் அது வேறொருவர் நிலமாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. 1979-இல் தொடங்கி 1980-களில் முடிந்த யு.டி.ஆர். திட்டத்தில் உட்பிரிவுகள் பல இடங்களில் மாறின. பரப்பும் ஏக்கர், சென்டிலிருந்து ஹெக்டேர், ஏர் கணக்குக்குப் போனது. அதற்கு முன்பே மறுநில அளவையில் ஒருமுறை எண் மாறிய கிராமங்களும் உண்டு.

பாலம் போடுவதற்கு, கிராமத்து நிலங்களைப் புல எண் வரிசையில் காட்டும் இன்றைய அ பதிவேடு இருக்கிறது. அதில் பழைய புல எண்ணுக்கென்று ஒரு கலம் உண்டு. இன்று 112/3B என்று இருப்பது பழைய 87/2 என்று அந்தக் கலம் காட்டினால், உங்கள் கடிதத்தில் முதலில் வரவேண்டியது 87/2. பிறகு பரப்பை ஒத்துப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஆகவே இன்று 0.54.0 ஹெக்டேர் என்றால் பழைய கணக்கில் சுமார் 1 ஏக்கர் 33 அல்லது 34 சென்ட் வரவேண்டும். குடும்பத்தில் இருக்கும் பழைய பத்திரத்தில் 87/2-க்கு 1.34 என்று இருந்தால் சரியான வரியைத்தான் கேட்கிறீர்கள். 2.68 என்று இருந்தால் பழைய உட்பிரிவு பின்னால் இரண்டாக உடைந்திருக்கலாம். அதனால் நகல் கேட்கக்கூடாது என்றில்லை, வரும் நகலில் பரப்பு பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளலாம்.

ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல். நாம் ஊர் என்று சொல்வது பல நேரம் ஒரு குக்கிராமம். பதிவேடு வருவாய்க் கிராமத்தின் பெயரில் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. இதோடு மாவட்டம் வேறு மாறியிருக்கும். மயிலாடுதுறைப் பக்கத்து நிலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாயவரம் என்ற பெயர் 1982-இல் மயிலாடுதுறை ஆனது. 1991-இல் அந்தப் பகுதி தஞ்சாவூரிலிருந்து பிரிந்து நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போனது. 2020-இல் மயிலாடுதுறையே தனி மாவட்டம் ஆனது. பழைய பதிவேட்டின் முகப்பில் இவை எதுவும் இருக்காது. தஞ்சாவூர் மாவட்டம், மாயவரம் வட்டம் என்றுதான் இருக்கும். கடிதத்தில் இன்றைய பெயரையும் அன்றைய பெயரையும் சேர்த்தே எழுதவேண்டும். அனுப்புவதற்கு முன், பழைய பதிவேடுகள் எந்த மாவட்டத் தலைமையிடத்தின் பதிவறையில் இருக்கின்றன என்று ஒருமுறை நேரில் விசாரித்துக்கொள்வது நல்லது. மாவட்டம் பிரியும்போது தாள்களும் அன்றே வண்டி ஏறிவிடும் என்று நினைக்கக்கூடாது. மாவட்டத்தில் கிடைக்காதவற்றுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆண்டு எழுதும்போது பசலியை மறக்காதீர்கள். வருவாய்க் கணக்குகள் பசலி ஆண்டில் நடப்பவை. ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. பழைய ரசீதில் 1320 என்று பார்த்துவிட்டு அதைப் பதினான்காம் நூற்றாண்டாக நினைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிரிப்பு வந்தாலும், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

அடுத்தது, கேட்கக் கூடாததைக் கேட்பது. "இந்த நிலம் என் தாத்தாவுக்குச் சொந்தம் என்று சான்று வழங்கவும்" என்று எழுதினால் மனு நின்றுவிடும். பதிவறை சொந்தத்தைத் தீர்மானிப்பதில்லை. தன்னிடம் உள்ள ஏட்டில் இப்படி எழுதியிருக்கிறது என்று மட்டுமே அது சொல்லமுடியும். பட்டாவோ நிலவரித் திட்டப் பதிவோ தனியாக உரிமை மூலம் ஆகாது என்பது நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. அதேபோல் "நகலும் கொடுத்து, பட்டாவில் பெயரையும் திருத்தித் தரவும்" என்று ஒரே தாளில் எழுதினால், திருத்தக் கோரிக்கை இன்னொரு பிரிவுக்கு உரியது என்பதால் மனு அங்கே போய்விடும். நகல் கோரிக்கையும் அதோடு போய்ச் சேரும். திருத்த மனு நகல் கையில் வந்தபின் தனியாக எழுதவேண்டியது. மாமாவின் நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் அந்த இரண்டாவது மனுவுக்கு உரியதுதான்.

இப்போது யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம். பழைய ஏடுகளில் அடுத்தடுத்த உட்பிரிவுகள் ஒருவருக்கே இருந்தால் கீழ்வரியில் பெயர் எழுதமாட்டார்கள். "மேற்படி" என்றோ இரட்டைக் கோடு போட்டோ விட்டுவிடுவார்கள். நீங்கள் 87/2 வரியை மட்டும் கேட்டு, அந்த வரியை மட்டும் பிரதி எடுத்துக் கையெழுத்திட்டுத் தந்தால், பெயர்க் கலத்தில் "மேற்படி" என்ற ஒரு சொல்தான் இருக்கும். மேற்படி யார்? அது 87/1-இல் இருக்கிறது; அந்த வரி உங்களிடம் இல்லை. கூட்டுப் பட்டாவிலும் இப்படித்தான். முதல் பெயரை எழுதி "வகையறா" என்று முடித்திருப்பார்கள், அல்லது மற்றப் பெயர்கள் குறிப்புக் கலத்தில் இருக்கும். கையால் பிரதி எடுப்பவர் குறிப்புக் கலத்தை விட்டுவிட்டால் உங்கள் தாத்தா அங்கேயே நின்றுவிடுவார். எனவே ஒரு பதிவைத்தான் கேட்கிறோம் என்றாலும், அதைப் படிக்கத் தேவையான மேல்வரியும், கலங்களின் தலைப்பும், கிராமமும் ஆண்டும் உள்ள முகப்புப் பக்கமும் சேர்த்துக் கேட்கவேண்டும். முடிந்தால் அந்தப் பக்கத்தையே ஒளிநகலாகக் கேளுங்கள். கைப்பிரதியில் 7 என்பது 1 ஆவதற்கு அதிக நேரம் ஆகாது.

இத்தனையும் அரைப் பக்கத்தில் அடங்கும். ஊர்ப் பெயரை மட்டும் வெற்றிடமாக விட்டு ஒன்றை எழுதிக் காட்டுகிறேன்:

*பொருள்: மயிலாடுதுறை மாவட்டம் (முந்தைய தஞ்சாவூர் மாவட்டம், மாயவரம் வட்டம்), ……… வருவாய்க் கிராமம் – நிலவரித் திட்டப் பதிவேடு – பழைய புல எண் 87/2 – ஒரு பதிவின் சான்றிட்ட நகல் வேண்டுதல்.*

*ஐயா, மேற்படி கிராமத்தின் யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டில், பழைய புல எண் 87/2-க்கு (பரப்பு 1 ஏக்கர் 34 சென்ட், தற்போதைய புல எண் 112/3B) உரிய பதிவின் சான்றிட்ட நகல் எனக்குத் தேவைப்படுகிறது. குறிப்புக் கலம் உட்பட எல்லாக் கலங்களும், கலத் தலைப்புகளும், பெயர்க் கலத்தில் "மேற்படி" என இருந்தால் அது குறிக்கும் மேல்வரியும், பதிவேட்டின் முகப்புப் பக்கமும் சேர்த்து வழங்க வேண்டுகிறேன். உரிய கட்டணத்தைத் தெரிவித்தால் செலுத்துகிறேன். இப்பதிவேடு தங்கள் பொறுப்பில் இல்லையெனில் அதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். இணைப்பு: தற்போதைய அ பதிவேட்டின் நகல், அடையாள அட்டை நகல்.*

தாத்தாவின் பெயரை வேண்டுமானால் ஒருவரியில் சேர்க்கலாம். கண்டெடுத்த வரி சரிதானா என்று பார்க்கப் பதிவறையில் தேடுபவருக்கு உதவும். ஆனால் "இன்னார் பெயரில் இருந்தால் மட்டும் வழங்கவும்" என்று எழுதிவிடாதீர்கள். நாம் நினைத்த பெயரும் ஏட்டில் உள்ள பெயரும் எழுத்தில் வேறுபட்டால் அதுவே மறுப்புக்குக் காரணமாகிவிடும். மூலப் பத்திரத்தை இணைக்கவேண்டாம், நகல் போதும். நேரில் கொடுத்தால் உங்கள் படியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் பார்க்கவேண்டியது கையெழுத்தை. பதிவேடு எந்த அலுவலரின் பொறுப்பில் இருக்கிறதோ அவர்தான் அதற்குச் சான்றிட முடியும். முன்பு இந்திய சாட்சியச் சட்டம் 76-ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 75-ஆம் பிரிவும் இதைச் சொல்கின்றன: நகலின் அடியில் இது உண்மை நகல் என்ற குறிப்பு, தேதி, அலுவலரின் பெயர், பதவி, கையெழுத்து, முத்திரை வைக்க அதிகாரம் உள்ள அலுவலராக இருந்தால் முத்திரை. வெறும் சுருக்கொப்பமும் வட்ட முத்திரையும் இருந்தால் அங்கேயே நின்று பெயரையும் பதவியையும் எழுதி வாங்குங்கள். வீட்டிலிருந்த மங்கிய ஒளிநகலை ஏதோ ஒரு பதிவு பெற்ற அலுவலரிடம் காட்டி "மேலொப்பம்" வாங்கிவிட்டு அதையே சான்றிட்ட நகல் என்று தாக்கல் செய்பவர்கள் உண்டு. அவர் பார்த்தது உங்கள் தாளை, பதிவேட்டை அல்ல. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

பதிவேடு இல்லை, சிதிலமாகிவிட்டது என்று பதில் வந்தால் அந்தத் தாளைக் கசக்கி எறியாதீர்கள். மூலம் தொலைந்தது அல்லது அழிந்தது என்று காட்டமுடிந்தால்தான் வேறு படிகளை இரண்டாம்நிலைச் சான்றாக நீதிமன்றத்தில் வைக்கும் வழி திறக்கும்; அலுவலகமே எழுதிக்கொடுத்த பதில் அதற்கு நல்ல ஆதாரம். வாய்மொழியாக "இல்லைங்க" என்று சொன்னால் அது எதற்கும் உதவாது. பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதே அரைப் பக்கத்தைக் கேட்கலாம். சான்றிட்ட நகல் பெறுவதும் அந்தச் சட்டத்தின் 2(j) பிரிவில் தகவல் உரிமைக்குள் வருகிறது. பதிவேடு வேறு அலுவலகத்தில் இருந்தால் மனுவை ஐந்து நாளுக்குள் அங்கே மாற்றி உங்களுக்கும் தெரிவிக்கவேண்டும் என்கிறது 6(3). அந்த மனுவிலும் "ஏன் பெயர் மாறியது" என்று கேட்காமல், புல எண்ணையும் பதிவேட்டையும் மட்டும் எழுதுங்கள்.