திருவிழா நன்கொடைக் கடிதம்: கணக்கு காட்டுவோம் என்று எழுதும்போது நடக்கும் தவறுகள்

"வரவு செலவுக் கணக்கு திருவிழா முடிந்ததும் வெளியிடப்படும்." கோவில் நன்கொடைக் கடிதங்களில் பெரும்பாலும் கடைசியில் இந்த வரி இருக்கும். எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் கையெழுத்தோடு என்பது மட்டும் இருக்காது. எங்கள் ஊர் மாரியம்மன் கோவில் ஆடித் திருவிழாவுக்குச் சில வருடங்கள் நான் கணக்கு எழுதியிருக்கிறேன். இந்த ஒரு வரியால் வந்த மனக்கசப்புதான் அதிகம்.

திருவிழா முடிந்த மறுநாளே கணக்கை முடிக்க முடியாது. பந்தல்காரரும் மைக்செட்காரரும் மீதிப் பணத்துக்கு ஒரு வாரம் கழித்துத்தான் வருவார்கள். "முடிந்ததும்" என்று எழுதிவிட்டால் மஞ்சள் நீராட்டு அன்றே கேள்வி வரும். "மஞ்சள் நீராட்டு முடிந்த 15ஆம் நாள், கோவில் அறிவிப்புப் பலகையில், தலைவர், செயலாளர், பொருளாளர் கையெழுத்தோடு ஒட்டப்படும்" என்று எழுதுங்கள். அன்றும் தராத பாக்கி இருந்தால், அதையும் கணக்கில் தனி வரியாகக் காட்ட வேண்டும்.

அடுத்த தவறு, மொத்தத் தொகையை மட்டும் கேட்பது. ஒரு மாதிரியைப் பார்ப்போம். அன்னதானம் 1,80,000 ரூபாய், பந்தலும் ஒலி ஒளியும் 1,20,000, நாதஸ்வரம் மேளம் 60,000, பூ அலங்காரம் 50,000, பூஜைப் பொருளும் பூசாரி சம்பாவனையும் 40,000. மொத்தம் 4,50,000. போன வருட இருப்பு 38,000 கையில் இருக்கிறது. அப்படியானால் ஊரிடம் கேட்க வேண்டியது 4,12,000தான். பல கடிதங்களில் இருப்பைச் சொல்வதே இல்லை. அது நினைவில் இருக்கும் ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டால், ஒளிக்க எதுவும் இல்லாதபோதும் ஒளித்தது போல ஆகிவிடும். கடிதத்தில் போட்ட இதே தலைப்புகளில்தான் பிறகு செலவுக் கணக்கும் வர வேண்டும். அப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

பொருளாக வருவதுதான் அதிகம் சிக்கும் இடம். ஒரு வருடம் 25 கிலோ அரிசிச் சிப்பம் 12 வந்தது. பணம் இல்லையே என்று அதை நாங்கள் எழுதவில்லை. அன்னதானச் செலவைப் பலகையில் பார்த்த ஒரு பெரியவர், "நான் கொடுத்த அரிசி எங்கே தம்பி? அதையும் காசு கொடுத்து வாங்கினதாப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். நாங்கள் வாங்கியது பருப்பும் காய்கறியும் எண்ணெயும்தான், ஆனால் அதைக் காட்ட எங்களிடம் தாள் இல்லை. அவர் கேட்டது நியாயம். கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் அந்த 300 கிலோ 15,000 ரூபாய். வரவில் "அரிசி உபயம்" என்றும் செலவில் "உபய அரிசி பயன்பாடு" என்றும் இரண்டு பக்கமும் எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. பூக்காரருக்கு நேராகப் பணம் கொடுத்துவிடும் உபயதாரருக்கும் இதே முறைதான். "பொருளாகத் தருவதற்கும் ரசீது உண்டு" என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கடிதத்தின் அடியில் செயலாளரின் சொந்த ஜிபே எண்ணைப் போடுவதும் வழக்கமாகிவிட்டது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் அவர் வீட்டு மளிகைச் செலவும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் கலந்திருக்கும். அதை ஊருக்கு எப்படிக் காட்டுவார்? கோவில் அறக்கட்டளை பெயரிலுள்ள வங்கிக் கணக்கின் க்யூஆர் மட்டும்தான் கடிதத்தில் இருக்க வேண்டும்.

ரொக்கத்துக்கு ரசீதுப் புத்தகம். 50 தாள் கொண்ட 10 புத்தகம் அடித்தால் எண் 1 முதல் 500 வரை. எந்தப் புத்தகம் யாரிடம் போனது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கணக்கு முடிக்கும் நாளில் கிழித்தது 412, தவறாக எழுதி ரத்தானது 6, வெற்றுத் தாள் 82 என்று கூட்டினால் 500 வர வேண்டும். ரத்தான தாளைத் தூக்கிப் போடாமல் அடிக்கட்டையோடு ஒட்டி வையுங்கள். இந்த எண்களையும் பலகையில் போடுவோம் என்று கடிதத்தில் சொல்லலாம். கோவில் அறநிலையத்துறையின் கீழ் இருந்தால், தனியாக ரசீது அடிப்பதற்கு முன் செயல் அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், "80ஜி வரிவிலக்கு உண்டு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு எழுதிவிடாதீர்கள். அதற்கு வருமான வரித்துறையின் தனி ஒப்புதல் வேண்டும், திருவிழா நடத்தும் சமய அறக்கட்டளைக்குப் பொதுவாக அது கிடைப்பதில்லை. ஒப்புதல் உள்ள இடத்தில்கூட 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது.

கடைசியாக, மிச்சம். அன்னதானத்துக்கென்று கொடுத்த பணம் மடப்பள்ளிக் கூரைக்குப் போனால், நல்ல காரியமே ஆனாலும் கொடுத்தவர் வருத்தப்படுவார். மீதமாவது அடுத்த வருட அன்னதானத்துக்கா, திருப்பணிக்கா என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிட்டால், விரும்பாதவர் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்.