சருகை எரிக்காமல் மூடாக்காக்கும்போது செய்யும் தவறுகள்

மாசி, பங்குனியில் வேலூர் தெருக்களில் புங்கனும் வேம்பும் இலை கொட்டும். கூட்டிக் குவித்துத் தீ வைக்காமல் அரைத்துச் செடிக்குப் போடுகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். ஆனால் போடுகிற விதம் தப்பினால் செடி வாடும், அப்புறம் "இதுக்கு எரிச்சிருக்கலாம்" என்ற பேச்சு வந்துவிடும். எனக்கு அதுதான் வருத்தம்.

சத்துவாச்சாரியில் எங்கள் எலுமிச்சைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கழித்த வேப்பங்கிளைகளை அரவை இயந்திரத்தில் கொடுத்து, வந்த பச்சைத் துகளை உரம் என்று நினைத்து மண்ணைக் கிளறிக் கலந்துவிட்டோம். சில வாரங்களில் அடியிலைகள் முதலில் மஞ்சளாகின. காரணம் இதுதான்: மரத்துகளில் கரிமம் மிகுதி, தழைச்சத்து மிகக் குறைவு. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன, வேருக்குக் கிடைப்பதில்லை. துகளைக் கூடியவரை பொறுக்கி மேலே கொண்டுவந்தோம். ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசல் இரண்டு முறை ஊற்றினோம். புதுத் துளிர் பச்சையாக வந்தது. துகளைக் கலக்காமல் மண்ணுக்கு மேல் மட்டும் பரப்பினால், தொடும் மேல்மண்ணில் மட்டுமே இந்த இழுப்பு இருக்கும், ஆழத்து வேருக்குப் பாதிப்பில்லை.

அடுத்த தவறு, அடிமரத்தைச் சுற்றி மேடு கட்டுவது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பட்டை எப்போதும் ஈரமாக இருந்து அழுகும். கரையானுக்கும் அது மறைவிடம். அடிமரத்தில் மண்கோடு ஏறியிருந்தால் உடனே ஒதுக்குங்கள். அடிமரத்திலிருந்து ஒரு சாண் விட்டு வளையமாகப் போடவேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டியும் போடக்கூடாது.

கனமும் முக்கியம். மூன்று விரற்கடை அளவுக்குக் குறைந்தால் நம் கத்திரி வெயிலில் மண் காய்ந்துவிடும். அரை அடிக்கு மேல் போனால் லேசான கோடை மழை மேலேயே நின்றுவிடும், வேருக்கு இறங்காது. 8 செ.மீ. போதும். ஒரு மீட்டர் ஆரமுள்ள பாத்திக்கு நடுவில் ஒரு சாண் விட்டால் ஏறத்தாழ 240 லிட்டர் துகள் வேண்டும், அதாவது 60 லிட்டர் பிடிக்கும் சாக்கில் நான்கு. முதலில் பாத்தியை நன்றாக நனைத்துவிட்டுத்தான் போடவேண்டும். காய்ந்த மண்மேல் போட்டால் காய்ச்சலைத்தான் மூடி வைக்கிறோம்.

அரைக்காத முழு இலையை அடுக்கினால் மழையில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் படலமாகிவிடும். கையால் கிளறிப் பாருங்கள், மேலே ஈரம், கீழே மண் புழுதி என்றால் அதுதான்.

இயந்திரத்திற்குத் தெருச் சருகை அப்படியே கொடுக்காதீர்கள். மணலும் கல்லும் கத்தியை மழுக்கிவிடும். துகள் வெட்டுப்பட்டு வராமல் நார்நாராகக் கிழிந்து வந்தால் கத்தி போய்விட்டது என்று பொருள். சருகை முதலில் சல்லடையில் தட்டி, பிளாஸ்டிக் பொறுக்கிவிட்டுக் கொடுங்கள். விதை முற்றிய சீமைக்கருவேல் கிளையை மட்டும் எதிலும் கலக்கவேண்டாம். அரைபடாமல் தப்பும் விதை அந்தப் பாத்தியிலேயே முளைத்துவிடும்.