ஒரே நிலையம் டயலில் இரண்டு இடத்தில்: சூப்பர்ஹெட் ரேடியோவில் பிம்ப அதிர்வெண்ணைப் பிடிப்பது எப்படி

மத்திய அலை, சிற்றலை இரண்டும் வரும் ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மத்திய அலை பிரமாதமாக வந்தது. சிற்றலையில் டயலின் இரண்டு முனைகளிலும் நன்றாகக் கேட்டது, நடுவில்தான் சிக்கல். 10 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் எல்லா நிலையமும் மங்கிப்போனது. அதோடு, ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் ஒரே பலத்தோடு கேட்டது. காரணம் பிடிபட மூன்று நாள் ஆனது. உங்களுக்கு அந்த மூன்று நாள் போகாமல் இருக்க இதை எழுதுகிறேன். பற்றவைக்கவும் காயில், கண்டன்சர் அடையாளம் காணவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில் ஒரு கணக்கு

ஒரு காயிலும் ஒரு கண்டன்சரும் சேர்ந்த சுற்று எவ்வளவு குறுகலாகப் பிரித்தெடுக்கும் என்பதை அதன் Q சொல்லும். சாதாரணக் காயிலுக்கு Q 50 என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சுற்று விடும் பட்டையின் அகலம், அதிர்வெண்ணை Q-ஆல் வகுத்தால் வருவது. 15 மெகாஹெர்ட்ஸில் அது 300 கிலோஹெர்ட்ஸ். சிற்றலை நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் மடங்குகளில் நிற்பவை. 300 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் ஒரு கூட்டமே நுழைந்துவிடும்.

அதே Q 50 காயிலை 455 கிலோஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். அகலம் 9.1 கிலோஹெர்ட்ஸ்தான். காயில் கொஞ்சமும் மேம்படவில்லை, வேலை செய்யும் இடம் கீழே இறங்கியது, அவ்வளவுதான்.

சூப்பர்ஹெட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது. வரும் நிலையம் எந்த அதிர்வெண்ணில் இருந்தாலும் அதை 455-க்கு, அதாவது ஐ.எஃப். எனப்படும் இடைநிலை அதிர்வெண்ணுக்கு, இறக்கிவிட வேண்டும். அங்கே நிலையாக நிற்கும் இரண்டு மூன்று ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர்கள் பக்கத்து நிலையத்தை வெட்டிவிடும். அவற்றை ஒருமுறை சரியாக வைத்தால் போதும், டயலைத் திருப்பும்போது அவை மாறுவதில்லை. 1918-ல் பாரிஸில் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் இருந்தபோது எட்வின் ஆம்ஸ்ட்ராங் உருவாக்கிய அமைப்பு இது. பிரான்ஸில் லூசியன் லெவியும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே வழியில் போயிருந்தார்.

2. இறக்குவது எப்படி

ரேடியோவுக்குள்ளேயே ஒரு ஆஸிலேட்டர் ஓடுகிறது. சென்னை 720 கிலோஹெர்ட்ஸுக்கு டயலைத் திருப்பினால் ஆஸிலேட்டர் 1175-ல் ஓடும். இரண்டும் மிக்ஸர் டிரான்சிஸ்டரில் கலக்கும்போது வித்தியாசமான 455 பிறக்கிறது. 729-ல் ஒரு நிலையம் இருந்தால் அது 446 ஆகிறது. இடையில் இருந்த 9 கிலோஹெர்ட்ஸ் தூரம் அப்படியே இருக்கிறது பாருங்கள். சுற்றின் பட்டைதான் குறுகியது, தூரம் குறையவில்லை. அதனால்தான் பிரிக்க முடிகிறது.

இதை வெறும் கணக்காக நம்ப வேண்டாம், காதால் கேட்கலாம். இரண்டு ரேடியோக்களை ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். ஒன்றில் லேசாகக் கேட்கும் நிலையம் ஒன்றை வையுங்கள். நான் இரவில் திருநெல்வேலி 1197-ஐ வைப்பேன். அடுத்த ரேடியோவின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, அதன் டயலை 742-ஐ ஒட்டி மெல்ல நகர்த்துங்கள். 742-உடன் 455-ஐக் கூட்டினால் 1197. முதல் ரேடியோவில் ‘கீ’ என்று ஒரு விசில் எழும், தாழ்ந்துகொண்டே வந்து மறையும், மறுபடி ஏறும். நீங்கள் கேட்டது இரண்டாவது ரேடியோவின் ஆஸிலேட்டரை. கருவி எதுவும் இல்லாமல் அதைத் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

3. பிம்பம் எங்கிருந்து வருகிறது

மிக்ஸருக்கு வித்தியாசம்தான் கணக்கு, யார் பெரியவர் என்பது அதற்குப் பொருட்டில்லை. ஆஸிலேட்டர் 15.455 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது, கீழே 15.000-ல் இருக்கும் நிலையமும் 455 கொடுக்கும், மேலே 15.910-ல் இருக்கும் நிலையமும் 455 கொடுக்கும். இரண்டாவதுதான் பிம்பம்.

```
ஆஸிலேட்டர் = நிலையம் + 455
பிம்பம்     = நிலையம் + 910
```

ஐ.எஃப். பகுதிக்குள் போனபிறகு இரண்டையும் பிரிக்கவே முடியாது, இரண்டும் ஒரே 455. எவ்வளவு விலை உயர்ந்த செராமிக் ஃபில்டர் போட்டாலும் பயன் இல்லை. தடுப்பதாக இருந்தால் மிக்ஸருக்கு முன்னாலேயே, ஏரியல் காயிலில் தடுக்க வேண்டும்.

மத்திய அலையில் இது பெரிய தொல்லையாக இல்லாததற்குக் காரணம் உண்டு. 600 கிலோஹெர்ட்ஸின் பிம்பம் 1510-ல், இரண்டரை மடங்கு தள்ளி. Q 50 உள்ள ஏரியல் சுற்று அதை நூறில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். 15 மெகாஹெர்ட்ஸில் அதே 910 கிலோஹெர்ட்ஸ் என்பது வெறும் ஆறு சதவீத தூரம். அதே சுற்று அங்கே ஆறில் ஒரு பங்காகத்தான் குறைக்கும். 15.910-ல் பலமான நிலையம் இருந்தால், 15.000-ல் நீங்கள் தேடும் மெல்லிய நிலையத்தின் மேல் அது ஏறி உட்கார்ந்துவிடும்.

4. நான் மாட்டிக்கொண்ட படி: ஆஸிலேட்டர் ட்ரிம்மர்

இங்கே நிதானமாகப் படியுங்கள். சிற்றலையின் மேல் முனையைச் சரிசெய்ய, டயல் முள்ளை 15-ல் வைத்து, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 15.000 கொடுத்து, ஆஸிலேட்டர் ட்ரிம்மரைத் திருப்பி ஒலி உச்சமாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். நானும் அதைத்தான் செய்தேன். ஒலி உச்சமானதும் நிறுத்திவிட்டேன்.

ஆனால் ட்ரிம்மர் முழுவதும் திரும்பும்போது இரண்டு உச்சங்கள் வரும். ஆஸிலேட்டர் 14.545-ல் இருந்தாலும் வித்தியாசம் 455, 15.455-ல் இருந்தாலும் வித்தியாசம் 455. நான் நின்றது 14.545-ல். கீழ் முனையில், 6 மெகாஹெர்ட்ஸில், ஆஸிலேட்டர் சரியாக 455 மேலே இருந்தது. மேல் முனையில் 455 கீழே. அப்படியானால் நடுவில் எங்கோ ஆஸிலேட்டரும் ஏரியல் சுற்றும் ஒரே அதிர்வெண்ணில் இருந்தாக வேண்டும். அந்த இடத்தில் நிலையமும் பிம்பமும் ஏரியல் சுற்றின் உச்சியிலிருந்து ஒரே அளவு தள்ளி நிற்கின்றன. அதனால்தான் 10 மெகாஹெர்ட்ஸில் எல்லாம் மங்கலாகவும், இரண்டு இடத்தில் ஒரே பலத்தோடும் கேட்டது. இந்த இரண்டு அறிகுறியும் சேர்ந்து வந்தால் வேறு எங்கும் தேடாதீர்கள்.

சரி, திருத்துவது எப்படி? ட்ரிம்மரை முழுக் கொள்ளளவில் வைத்து, அங்கிருந்து மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதலில் வரும் உச்சி தவறானது, விட்டுவிடுங்கள். அடுத்து வருவதுதான் 15.455. அங்கே நிறுத்துங்கள். அப்புறம் ஏரியல் ட்ரிம்மரை 15.000-க்கு உச்சமாக்குங்கள். கீழ் முனைக்குப் போய்க் காயிலின் கோரைத் திருப்பி 6-ஐச் சரிபாருங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று நகரும், இரண்டு மூன்று முறை மாறி மாறிச் செய்ய வேண்டும்.

சரியான பக்கம்தானா என்று உறுதி செய்ய ஒரு சோதனை. டயலை 15-லேயே விட்டுவிட்டு ஜெனரேட்டரை மட்டும் 15.910-க்கு ஏற்றுங்கள். மெல்லியதாகக் கேட்க வேண்டும், அது பிம்பம். 14.090-க்கு இறக்குங்கள், எதுவும் கேட்கக் கூடாது. 14.090-ல் கேட்டு 15.910-ல் கேட்கவில்லை என்றால் ஆஸிலேட்டர் இன்னும் தவறான பக்கத்தில் இருக்கிறது.

கருவி பற்றி ஒன்று. இரும்பு ஸ்க்ரூடிரைவரால் ட்ரிம்மரையோ கோரையோ திருப்பாதீர்கள். கையை எடுத்தவுடன் அதிர்வெண் நகர்ந்துவிடும். நான் பிளாஸ்டிக் டூல்தான் வைத்திருக்கிறேன், அது இல்லாத நாளில் மூங்கில் குச்சியின் நுனியைச் சீவிக்கொள்வேன். ஜெனரேட்டருக்கு எஸ்.ஐ. 5351 சிப் உள்ள சிறிய போர்டு ஒன்றை ஆர்டுவினோவில் இணைத்துப் பயன்படுத்துகிறேன். பழைய டயல் வகை ஜெனரேட்டரில் 15.0-க்கும் 15.1-க்கும் வித்தியாசம் சொல்வதே கஷ்டம், இந்த வேலைக்கு அதை நான் நம்புவதில்லை. பிம்பத்தைத் தேடி ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர்களின் கோரையும் திருகிவிடாதீர்கள், அவற்றுக்கும் பிம்பத்துக்கும் சம்பந்தமே இல்லை.

5. எல்லாம் சரியாக இருந்தும் பிம்பம் மிச்சமிருந்தால்

இருக்கும். 455-ஐ வைத்துக்கொண்டு 15 மெகாஹெர்ட்ஸில் ஒரே ஒரு ஏரியல் சுற்று செய்யக்கூடியது ஆறில் ஒரு பங்குதான். மிக்ஸருக்கு முன் இன்னொரு டியூன் செய்த ஆர்.எஃப். நிலை சேர்த்தால் அது ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்காகும். அதற்கு மூன்று பகுதி உள்ள காங் கண்டன்சர் வேண்டும்.

இன்னொரு வழி ஐ.எஃப்.-ஐயே உயர்த்துவது. எஃப்.எம். ரேடியோவில் 10.7 மெகாஹெர்ட்ஸ் வைத்ததன் அழகு இதில் தெரியும். பிம்பம் 21.4 தள்ளி விழும். 88 முதல் 108 வரை மொத்தப் பட்டையே 20 மெகாஹெர்ட்ஸ்தான், அதனால் ஒரு எஃப்.எம். நிலையம் இன்னொரு எஃப்.எம். நிலையத்துக்குப் பிம்பமாக வரவே முடியாது. ஆனால் 10.7-ல் Q 50 காயில் 214 கிலோஹெர்ட்ஸ் அகலம் விடும். எஃப்.எம்.-க்கு அது சரி, சிற்றலைக்கு ஆகாது. ஐ.எஃப். தாழ்ந்தால் பிரிப்பு நன்றாக இருக்கும், உயர்ந்தால் பிம்பம் தூரப் போகும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு முறை மாற்ற வேண்டும். நல்ல சிற்றலை ரேடியோக்கள் முதலில் 55.845 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயரத்துக்கு ஏற்றிப் பிம்பத்தை ஒழித்துவிட்டு, பிறகு 455-க்கு இறக்குகின்றன.

பின்சேர்க்கை: கருத்துகளில் வந்த இரண்டு சிக்கல்கள்

இரண்டு ரேடியோ சோதனையில் விசில் வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். கேட்டுப் பார்த்ததில் இரண்டாவது ரேடியோ புது டி.எஸ்.பி. சிப் வகை. அவற்றில் ஐ.எஃப். மிகத் தாழ்வு, 455 கணக்கு பொருந்தாது. பழைய காங் கண்டன்சர் ரேடியோவாகப் பாருங்கள்.

இன்னொருவருக்கு பிம்பம் 910-ல் வராமல் 930-ல் வந்தது. அது பழுது இல்லை. பழைய ரேடியோக்கள் சிலவற்றில் ஐ.எஃப். 465 அல்லது 470. பிம்பத்தின் தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் ரேடியோவின் உண்மையான ஐ.எஃப். கிடைத்துவிடும். அவருடையது 465. 455 என்று நினைத்து அதன் டிரான்ஸ்ஃபார்மர்களைத் திருகப் போனவர், இந்த எண்ணைப் பார்த்த பிறகு அவற்றைத் தொடாமல் விட்டுவிட்டார்.