எஸ்ஜிபிடி கொஞ்சம் ஏறியிருக்கா? ரிப்போர்ட்டை வச்சு எல்லாரும் பண்ற தப்புகள்

ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண்ணு நேரா போறது தடிச்ச எழுத்துல அச்சடிச்சிருக்குற நம்பருக்குத்தான். லிவர் டெஸ்ட்ல எஸ்ஜிபிடி 76, பக்கத்துல லிமிட் 45னு போட்டிருக்கும், அதுவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லாம இருந்த ஆளு அன்னைக்கு ராத்திரில இருந்து வலது விலாவுக்குக் கீழ ஏதோ இழுத்துப் பிடிக்குதுனு சொல்ல ஆரம்பிச்சிடுவாரு.

முதல் தப்பு, இந்த நம்பரை லிவரோட மார்க் ஷீட்டா நினைக்குறது. எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி ரெண்டும் செல்லுக்குள்ள இருக்க வேண்டிய என்சைம், செல்லுக்கு ஏதாவது தொந்தரவு வந்தா ரத்தத்துல கசியும், அவ்வளவுதான். லிவர் தன் வேலைய ஒழுங்கா பாக்குதானு தெரியணும்னா அதே தாள்ல கீழ இருக்குற ஆல்புமின், பிலிருபின் ரெண்டையும் பாக்கணும், தேவைப்பட்டா பிடி ஐஎன்ஆர்னு ரத்தம் உறையுற டெஸ்ட் தனியா எடுக்கணும். எஸ்ஜிபிடி 76 இருந்து ஆல்புமின் 4.4, பிலிருபின் 0.7னு இருந்தா எங்கயோ கசிவு இருக்கு, ஆனா வேலை நிக்கலனு அர்த்தம். லிமிட்டோட 5 மடங்குக்குள்ள இருக்குறதை பொதுவா லேசான ஏத்தம்னுதான் டாக்டருங்க சொல்வாங்க.

அப்போ லேசுனா பயமில்லையானு கேட்டா, அதுதான் அடுத்த தப்பு, என்னைக் கேட்டா இதுதான் பெரிய தப்பும். நம்பர் பெருசுனா ஆபத்து பெருசு, சின்னதுனா சின்னதுனு ஒரு கணக்கு மனசுல ஓடும் பாருங்க, அது இங்க வேலைக்கு ஆகாது. ரெண்டு ரிப்போர்ட்ட பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம் (உதாரணத்துக்குத்தான்). முதல் ஆளுக்கு வயசு 42, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 76, பிளேட்லெட் 2,10,000. ரெண்டாவது ஆளுக்கு வயசு 58, எஸ்ஜிஓடி 62, எஸ்ஜிபிடி 54, பிளேட்லெட் 1,40,000. எஸ்ஜிபிடிய மட்டும் பாத்தா முதல் ஆளுதான் மோசம், ரெண்டாவது ஆளு லிமிட்ட கொஞ்சம்தான் தாண்டியிருக்காரு. இப்ப லிவர்ல தழும்பு இருக்க வாய்ப்பு எவ்வளவுனு கணிக்குற FIB-4ங்குற இந்தக் கணக்கைப் போடுங்க, பிளேட்லெட்ட ஆயிரக் கணக்குல எடுத்துக்கணும், அதாவது 2,10,000னா 210:

```
FIB-4 = (Age × AST) / (Platelets × √ALT)
```

இதுல AST எஸ்ஜிஓடி, ALT எஸ்ஜிபிடி. முதல் ஆளுக்கு 42 × 48 = 2016, கீழ 210 × 8.72 = சுமார் 1831, வகுத்தா 1.1. ரெண்டாவது ஆளுக்கு 58 × 62 = 3596, கீழ 140 × 7.35 = 1029, வகுத்தா 3.5. 1.3க்குக் கீழ வந்தா லிவர்ல பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு கம்மி, 2.67க்கு மேல போனா வாய்ப்பு அதிகம், லிவர் எவ்வளவு இறுகியிருக்குனு அளக்குற ஃபைப்ரோஸ்கேன் மாதிரி அடுத்த டெஸ்ட்டுக்குப் போயே ஆகணும், நடுவுல வந்தாலும் டாக்டர் இன்னொரு டெஸ்ட் கேக்கலாம். ஆக எஸ்ஜிபிடி லிமிட்ட கொஞ்சமா தாண்டின ரிப்போர்ட்லதான் விஷயம் இருக்கு. ஏன்னா ஃபேட்டி லிவர்ல ஆரம்பத்துல எஸ்ஜிபிடிதான் கூட இருக்கும், தழும்பு ஏற ஏற எஸ்ஜிஓடி அதைத் தாண்டிப் போகும், லிவர் இறுகி மண்ணீரல் வீங்கும்போது பிளேட்லெட் அங்க போய் மாட்டிக்கும், ரத்தத்துல எண்ணிக்கை குறையும். எஸ்ஜிபிடி தானா இறங்கிடுச்சுனு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி கூடவே எஸ்ஜிஓடி, பிளேட்லெட் என்ன ஆச்சுனு பாக்கச் சொல்றது இதுக்குத்தான். ஆனா இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு, 35 வயசுக்குக் கீழ நம்பி சொல்ல முடியாது, 65க்கு மேல 1.3க்குப் பதிலா 2.0னு வச்சுப் பாப்பாங்க, வைரல் ஃபீவர்ல பிளேட்லெட் இறங்கியிருக்குற நேரத்துல போட்டா சும்மாவே பயமுறுத்தும்.

மூணாவது, செக்கப்புக்கு முந்தின நாள் என்ன பண்ணோம்ங்குறதை மறந்துடுறது. எஸ்ஜிஓடி தசையிலயும் நிறைய இருக்கு, எஸ்ஜிபிடியும் கொஞ்சம் இருக்கு. ரொம்ப நாள் கழிச்சு ஜிம்முக்குப் போய் ஒரே நாள்ல வெயிட் தூக்கிட்டு, மறுநாள் உடம்பு வலியோட ரத்தம் குடுத்தா ரெண்டும் ஏறித்தான் வரும், அது ஒரு வாரம் வரைக்கும்கூட இழுக்கும். இதை எப்படிக் கண்டுபிடிக்குறதுனா தசை பாதிச்சா ஏறுற சிகேனு ஒரு டெஸ்ட் இருக்கு, அது எக்கச்சக்கமா ஏறி, லிவர் பக்கமா பேசுற ஜிஜிடி நார்மலா இருந்தா கசிவு தசையில இருந்துதான். பாதி பேரு டாக்டர்கிட்ட இந்த ஜிம் கதையச் சொல்றதே இல்ல, கேட்டாத்தான் சொல்வாங்க.

நாலாவது தப்பு, பயத்துல மாத்தவேண்டியதை விட்டுட்டு மாத்தக்கூடாததை மாத்துறது. கொலஸ்ட்ராலுக்கு ஸ்டேட்டின் சாப்பிடுறவங்க ரிப்போர்ட்ட பாத்ததும் தாங்களாவே மாத்திரைய நிறுத்திடுவாங்க, ஆனா லிமிட்டோட 3 மடங்குக்குள்ள இருக்குற ஏத்தத்துக்கு பொதுவா அதை நிறுத்த மாட்டாங்க, நிறுத்தணுமாங்குறது டாக்டர் முடிவு. அதே ஆளு லிவரை கிளீன் பண்றேன்னு கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் கேப்ஸ்யூல், மஞ்சள் கேப்ஸ்யூல், பேர் தெரியாத மூலிகைப் பவுடர்னு ஒவ்வொண்ணா ஆரம்பிப்பாரு. கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்டும் செறிவா அடைச்ச மஞ்சள் கேப்ஸ்யூலும் சிலருக்கு லிவரையே கெடுத்த கேஸ்கள் மருத்துவத்துல பதிவாகியிருக்கு, எந்த டாக்டரும் அந்த நேரத்துல இதெல்லாம் புதுசா சேக்கச் சொல்ல மாட்டாங்க. கடந்த சில மாசத்துல எடுத்த ஒவ்வொரு மாத்திரை, பவுடர், புரோட்டீன் டப்பா எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, பாராசிட்டமாலை எத்தனை நாள் எவ்வளவு போட்டீங்கனும் சேத்து எழுதுங்க. குடிப்பழக்கம் இருந்தா அதையும் மறைக்காம அளவோட சொல்லணும்.

அஞ்சாவது, மூணு நாள்ல மறுபடி ஓடிப்போய் டெஸ்ட் எடுக்குறது. எஸ்ஜிபிடி ரத்தத்துல பாதியா குறையவே சுமார் ரெண்டு நாள் ஆகும், அதனால மூணு நாள்ல வர்ற 76, 71, 80 எல்லாம் ஒண்ணுதான். வேற அபாய அறிகுறி இல்லேன்னா சில வாரத்துலேர்ந்து மூணு மாசம் வரைக்கும் டாக்டர் சொல்ற இடைவெளி விட்டு, ஒரு வாரம் கடும் உடற்பயிற்சியும் குடியும் இல்லாம, முடிஞ்சா அதே லேப்லயே எடுங்க, ஏன்னா லேபுக்கு லேப் லிமிட்டே மாறும்.

ரெண்டாவது தடவை நார்மல் வந்துட்டா ஃபைலை மூடிடலாம்னு நினைக்குறதும் தப்புதான். ஹெபடைடிஸ் பி, சி ரெண்டுலயும் என்சைம் ஏறி இறங்கி விளையாடும், சில மாசம் நார்மலாவே இருக்கும், அதனால ஹெச்பிஎஸ்ஏஜி, ஹெச்சிவி ஆன்டிபாடி ரெண்டையும் ஒரு தடவையாவது பாத்துடணும். ஸ்கேன்ல கொழுப்பு இல்லைனு வந்தாலும் முழுசா நம்ப வேண்டாம், லேசான கொழுப்பை சாதாரண அல்ட்ராசவுண்ட் விட்டுடும், தழும்பு எவ்வளவுனும் அது சரியா சொல்லாது.

கண்ணு மஞ்சளாச்சு, யூரின் அடர் நிறத்துல போகுது, வயிறு வீங்குது, பிலிருபின் ஏறுது, ஆல்புமின் குறையுது, இதுல எது இருந்தாலும் மேல சொன்ன காத்திருப்பு எதுவும் பொருந்தாது, எஸ்ஜிபிடி 60தானேனு பாக்காம அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.