‘மக்கள்’ என்று எழுதினால் உரிமை யாருக்கு? உடன்படிக்கைகளைத் தமிழாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையைத் தமிழாக்க முதன்முதலாக உட்காருகிறவர்களின் வரைவுகளில் ஒரே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சந்திப்பிழை, ‘ஸ்டேட்’ என்பதை மாநிலம் என்று எழுதுவது போன்றவை முதல் திருத்தத்திலேயே களையப்பட்டுவிடும். அவற்றை இங்கே விட்டுவிடலாம். படிக்கச் சரளமான தமிழாக இருப்பதாலேயே திருத்துகிறவர் கண்ணுக்குத் தப்பி, சட்டப் பொருளை மாற்றிவிடும் தவறுகளைத்தான் பார்க்க வேண்டும். அவற்றில் மிக அதிகச் சேதம் செய்வது முதல் உறுப்பிலேயே காத்திருக்கிறது.

## ‘பீப்பிள்ஸ்’ என்பதற்கு ‘மக்கள்’

முதல் உறுப்பின் தொடக்கத்தை ‘அனைத்து மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் இதைப் படிக்கிறவர் ‘எல்லோருக்கும் உரிமை உண்டு’ என்றுதான் புரிந்துகொள்வார். மூலம் சொல்வது வேறு. ஆங்கிலத்தில் ‘பீப்பிள்’ என்பது பல ஆட்களையும் குறிக்கும், ஓர் அலகாக எண்ணத்தக்க ஒரு சமுதாயத்தையும் குறிக்கும். பன்மை விகுதி சேர்ந்து ‘பீப்பிள்ஸ்’ ஆனால் இரண்டாம் பொருள் மட்டுமே மிஞ்சும். தமிழ் ‘மக்கள்’ ஏற்கெனவே பன்மை. அதன் மேல் இன்னொரு பன்மை ஏறாது. அதனால் மூலத்தில் ஒரே ஓர் எழுத்து செய்யும் வேலை தமிழில் சத்தமில்லாமல் காணாமல் போகிறது.

விளைவு என்ன என்பதை இரண்டாம் பத்தியின் கடைசி வாக்கியத்தில் தெளிவாகப் பார்க்கலாம். ஒரு சமுதாயத்திடமிருந்து அதன் சொந்த வாழ்வாதாரங்களை எந்நிலையிலும் பறிக்கலாகாது என்பது அதன் பொருள். இதை ‘மக்களின் வாழ்வாதாரத்தைப் பறிக்கக் கூடாது’ என்று எழுதினால், நடைபாதைக் கடையை இழந்த ஒருவரும் முதல் உறுப்பு தனக்கானது என்று நினைப்பார். அவருக்கு வேறு உறுப்புகளில் பாதுகாப்பு இருக்கலாம். இந்த உறுப்பில் இல்லை.

இது ஏட்டளவிலான வேறுபாடும் அல்ல. கனடாவின் ஆல்பர்ட்டா பகுதியிலுள்ள லுபிகான் ஏரிக் கிரீ சமுதாயத்தின் தலைவர் பெர்னார்ட் ஓமினயாக், தங்கள் நிலத்தில் எண்ணெய், எரிவாயு எடுக்க அனுமதித்ததை எதிர்த்து ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். அவர் முன்வைத்தது முதல் உறுப்பைத்தான். 1990 மார்ச் 26 அன்று குழு தன் கருத்தை வெளியிட்டது. தனிஆட்கள் குழுவிடம் முறையிட வழிசெய்யும் இணைப்பு ஒப்பந்தமான விருப்ப நெறிமுறையின் கீழ் வரும் தனிஆள், முதல் உறுப்பின் மீறலால் தான் பாதிக்கப்பட்டதாகக் கோர முடியாது. ஏனெனில் அந்த உரிமை சமுதாயத்துக்கு உரியது. தனிஆட்கள் முறையிடக்கூடியவை 6 முதல் 27 வரையிலான உறுப்புகள். குழு வழக்கைத் தள்ளிவிடவில்லை. சிறுபான்மைகளைச் சேர்ந்தோரின் பண்பாட்டு உரிமையைச் சொல்லும் 27ஆம் உறுப்பின் கீழ் எடுத்து, மீறல் நடந்தது என்று கண்டது. ‘அனைத்து மக்களுக்கும்’ என்ற தமிழ் வாக்கியத்தை நம்பி மனு எழுதுகிறவர் தன் வழக்கைத் தவறான வாசலில் கொண்டுபோய் வைப்பார். இலங்கை 1997இல் அந்த நெறிமுறையில் இணைந்த நாடு. அங்கே இப்படி ஒரு மனு எழுதப்படுவது வெறும் கற்பனை இல்லை.

இந்தியா 1979இல் இந்த உடன்படிக்கையில் இணைந்தபோது முதல் உறுப்பு பற்றி வைத்த கூற்றையும் எடுத்துக்கொள்வோம். சுயநிர்ணயம் அயல் ஆதிக்கத்தின் கீழுள்ள சமுதாயங்களுக்கு மட்டுமே பொருந்தும். இறைமையுள்ள சுதந்திர அரசுகளுக்கோ, ஒரு சமுதாயத்தின் அல்லது தேசத்தின் ஒரு பகுதிக்கோ பொருந்தாது என்பது அதன் சாரம். ‘மக்களில் ஒரு பகுதியினருக்குப் பொருந்தாது’ என்று தமிழாக்கினால், குடிமக்களில் சிலருக்கு மட்டும் உரிமை மறுக்கப்பட்டது போலாகிவிடும். இந்தியா சொன்னதும் அதுவல்ல, பிற நாடுகள் எதிர்த்ததும் அதையல்ல.

சரி, எந்தச் சொல்லைப் போடுவது? முழுக் குறையில்லாத சொல் கிடையாது. ‘தேசிய இனங்கள்’ என்றால் ஓர் அரசியல் வாதத்தின் முடிவை மொழிபெயர்ப்பாளரே எழுதிக்கொடுத்ததாகும். ‘சமூகம்’ 27ஆம் உறுப்பில் ‘பிறரோடு கூடி’ என்ற பொருளுக்கு வேண்டியிருக்கிறது. ‘தொகுதி’ தேர்தலை நினைவூட்டும். இந்தக் கட்டுரையில் விளக்கத்துக்காகச் ‘சமுதாயம்’ என்றோம். உடன்படிக்கை வாசகத்துக்கு அது மிகத் தளர்வான சொல். ‘மக்களினம்’ என்பதே எங்கள் தேர்வு. அதிலுள்ள ‘இனம்’ வாசகரை நிறவேற்றுமைப் பக்கம் இழுக்கும் ஆபத்து உண்டு. ஆகவே சொற்பட்டியலில் நான்கையும் ஒருசேர முடிவுசெய்து பூட்டிவிட வேண்டும். ‘ரேஸ்’ என்பதற்கு இனம், ‘எத்னிக்’ என்பதற்கு இனக்குழு, ‘பீப்பிள்’ என்பதற்கு மக்களினம், ‘பெர்சன்ஸ்’ என்பதற்கு ஆட்கள். ஒன்றைத் தனியே மாற்றினால் மற்ற மூன்றும் ஆடும்.

பன்மைச் சிக்கலுக்கு இலக்கணத்திலேயே வழியிருக்கிறது. ‘அனைத்து’ என்பதை விட்டு ‘ஒவ்வொரு மக்களினத்திற்கும் சுயநிர்ணய உரிமை உண்டு’ என்று ஒருமையில் எழுதுங்கள். அடுத்த வாக்கியத்தில் திணையைக் கவனியுங்கள். ‘அந்த உரிமையால் அவர்கள் தங்கள் அரசியல் நிலையை…’ என்று தொடர்ந்தால், முதல் வாக்கியத்தில் பாடுபட்டுக் காத்த பொருள் ‘அவர்கள்’ என்ற உயர்திணைச் சொல்லில் கரைந்து மறுபடி தனிஆட்களிடம் போய்விடும். ‘அந்த உரிமையால் அது தன் அரசியல் நிலையைத் தடையின்றித் தானே தீர்மானிக்கிறது’ என்பதே சரி. முதல் வாசிப்பில் காதுக்குக் கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும்.

வரைவைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. உடன்படிக்கையின் உறுப்புகளை வரிசையாக எடுத்து, உரிமை பெறுவோர் யார் என்ற சொல்லை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். 1இல் மக்களினம், 6இல் ஒவ்வொரு மனிதர், 7இல் எவரும், 9இல் ஒவ்வொருவர், 25இல் ஒவ்வொரு குடிமகனும் குடிமகளும், 27இல் சிறுபான்மைகளைச் சேர்ந்த ஆட்கள். இந்தப் பட்டியலில் ‘மக்கள்’ என்ற சொல் எங்காவது வந்தால் அங்கே பிழை இருக்கிறது. ஐயம் வந்தால் பிரெஞ்சுப் பிரதியைப் பாருங்கள். அங்கே முதல் உறுப்பில் ‘பெப்ள்’ என்றும் 9இல் தனிஆளைக் குறிக்கும் ‘அந்திவிதியு’ என்றும் வேறுவேறு சொற்களே நிற்கின்றன. 53ஆம் உறுப்பின்படி சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம் ஐந்தும் சமமான மூலங்கள்.

27ஆம் உறுப்பில் இன்னொரு சிறு கண்ணி. ‘சிறுபான்மையினர்’ என்ற சொல்லின் ‘-இனர்’ விகுதி குழுவையும் அதிலுள்ள ஆட்களையும் ஒன்றாக்கிவிடுகிறது. குழுவுக்குச் ‘சிறுபான்மைக் குழு’, உரிமை பெறுவோருக்கு ‘அக்குழுவைச் சேர்ந்த ஆட்கள்’ என்று பிரித்து எழுதுங்கள்.

## சுயநிர்ணயத்துக்குத் ‘தன்னாட்சி’

தன்னாட்சி என்பது ஓர் அரசுக்குள் அதிகாரப் பகிர்வு. சுயநிர்ணயம் அதுவல்ல. மாற்றாதீர்கள்.

## எல்லாவற்றுக்கும் ‘ஒப்புதல்’

கையொப்பமிடுதல், பின்னர் அதை உறுதிசெய்தல், கையொப்பமிடாமலே நேரடியாக இணைதல் ஆகிய மூன்றும் வெவ்வேறு செயல்கள். செய்தித்தாள்கள் மூன்றையும் ‘ஒப்புதல் அளித்தது’ அல்லது ‘கையெழுத்திட்டது’ என்று எழுதுகின்றன. சீனா இந்த உடன்படிக்கையில் 1998இல் கையொப்பமிட்டது, உறுதிசெய்யவில்லை. அமெரிக்கா 1977இல் கையொப்பமிட்டு 1992இல் உறுதிசெய்தது. இந்தியாவும் இலங்கையும் கையொப்பமிடவே இல்லை. 1979இலும் 1980இலும் நேரடியாக இணைந்தன. ‘கையெழுத்திட்ட நாடு’ என்று மூன்று வகைக்கும் பொதுவாக எழுதினால், கட்டுப்பட்ட இந்தியாவும் கட்டுப்படாத சீனாவும் ஒரே வரிசையில் வந்து நிற்கும்.

கையொப்பம் மட்டுமே இட்டதற்கும் சட்ட விளைவு உண்டு. உடன்படிக்கைச் சட்டம் பற்றிய 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 18ஆம் உறுப்புப்படி, பின்னர் உறுதிசெய்யப்பட வேண்டிய உடன்படிக்கையில் கையொப்பமிட்ட அரசு, தரப்பாக மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லும்வரை, அதன் நோக்கத்தைக் குலைக்கும் செயல்களில் இறங்கக் கூடாது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997இல் கையொப்பமிட்டு உறுதிசெய்யாமல் இருக்கும் இந்தியாவின் நிலை இதுதான்.

சொற்களில், உறுதிசெய்தலுக்கு இலங்கை வழக்கிலுள்ள ‘பின்னுறுதி’ மிகப் பொருத்தம். கையொப்பத்துக்குப் பின் வருவது என்ற வரிசை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நேரடிச் சேர்க்கைக்கு ‘இணைதல்’. ‘ஒப்புதல்’ என்பதை நாடாளுமன்றமோ அமைச்சரவையோ உள்நாட்டில் செய்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## ‘ரிசர்வேஷன்’ என்பதற்கு ‘ஒதுக்கீடு’

தமிழ்நாட்டு வாசகருக்கு இது வேலைவாய்ப்பு, கல்லூரி இடம். உடன்படிக்கையின் ஒரு விதி தன்னைக் கட்டுப்படுத்தாது என்றோ, மாறிய வடிவில்தான் கட்டுப்படுத்தும் என்றோ ஓர் அரசு ஒருதலையாகச் சொல்வதை ‘விலக்குரை’ என்று எழுதலாம். தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எப்பெயரிட்டாலும் எவ்வாறு சொன்னாலும் விளைவே கணக்கு என்கிறது வியன்னா உடன்படிக்கையின் 2ஆம் உறுப்பு. இந்தியா முதல் உறுப்பு பற்றி வைத்தது ‘அறிவிப்பு’ என்ற பெயரில்தான். பிரான்சும் ஜெர்மனியும் நெதர்லாந்தும் அதற்கு ஆட்சேபம் தெரிவித்தன. மொழிபெயர்ப்பில் அது ‘அறிவிப்பு’ என்றே இருக்க வேண்டும். ‘விலக்குரை’ என்று மாற்றுவது தீர்ப்பு எழுதுவதாகும். ‘பிரகடனம்’ என்றும் போடக் கூடாது. அது 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனம் போன்ற முழு ஆவணத்துக்கு உரியது.

## ‘நிறைவேற்றப்பட்டது’

1966இல் இந்த உடன்படிக்கையின் வாசகம் ஏற்கப்பட்டது. 1976இல் நடைமுறைக்கு வந்தது. எதை என்று சொல்லுங்கள்.

## ‘வேண்டும்’

கட்டளை, பரிந்துரை, தேவை மூன்றையும் இந்த ஒரு சொல் சுமக்கிறது. பன்னாட்டு நீதிமன்றச் சட்டத்தின் 41ஆம் உறுப்பிலுள்ள இடைக்கால நடவடிக்கைகள் கட்டுப்படுத்துமா என்ற கேள்வியே இத்தகைய ஒரு சொல்லில்தான் நின்றது. ஆங்கிலத்தில் ‘எடுப்பது தகும்’ என்ற அளவுக்குத் தளர்வாகவும், பிரெஞ்சில் கட்டாயமாகவும் இருந்தது. அந்த நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையை மீறி, ஜெர்மன் குடிமகனான வால்டர் லக்ராண்டுக்கு அமெரிக்காவின் அரிசோனாவில் 1999 மார்ச்சில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 2001 ஜூன் 27 தீர்ப்பில், இரண்டு பிரதிகளையும் உறுப்பின் நோக்கத்தோடு இணைத்துப் படித்து, கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ‘எடுக்கப்பட வேண்டிய நடவடிக்கைகள்’ என்று தமிழில் எழுதினால் அப்படி ஒரு தகராறு இருந்ததே தெரியாது.

கட்டாயத்துக்குச் ‘செய்தல் வேண்டும்’, பரிந்துரைக்குச் ‘செய்வது தகும்’, அனுமதிக்குச் ‘செய்யலாம்’, அரசு தானே ஏற்கும் கடமைக்கு ‘உறுதியேற்கிறது’ என்று நான்கு வடிவங்களை முன்பே வகுத்துக்கொண்டு, நடைக்காகக்கூட இடம் மாற்றாமல் எழுதுங்கள்.

## ‘உறுப்பு நாடு’

ஐ.நா.வுக்கு உறுப்பு நாடு. உடன்படிக்கைக்குத் தரப்பு அரசு.

## முதல் பக்கக் குறிப்பு

வியன்னா உடன்படிக்கையின் 33ஆம் உறுப்புப்படி, வேறு மொழியிலுள்ள ஒரு வடிவம் மூலமாகக் கருதப்பட வேண்டுமானால் உடன்படிக்கையே அப்படிச் சொல்ல வேண்டும், அல்லது தரப்புகள் உடன்பட வேண்டும். தமிழ் வடிவத்துக்கு இந்த உடன்படிக்கையில் அந்த இடம் இல்லை. அதனால் முதல் பக்கத்தில், எந்த மூலமொழியிலிருந்து எந்த நாளில் மொழிபெயர்க்கப்பட்டது என்பதையும், ஐயம் எழுந்தால் மூலமே செல்லும் என்பதையும் எழுதி, ‘மக்களினம்’ முதலான நான்கு சொற்களின் பொருளை அதன் கீழேயே அச்சிடுங்கள். நூலின் கடைசிப் பக்கத்தில் போட்டால் முதல் உறுப்பைப் படிக்கிறவருக்கு அது கிடைக்காது.