தகரக் கூரைக்கு அடியில் கசியும் ஏசி டக்ட்: அளப்பதும் அடைப்பதும்

திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கம் பனியன் நிறுவனங்களின் அலுவலகம் பெரும்பாலும் மேல்மாடியில்தான் இருக்கும். மேலே தகரக் கூரை, அதற்குக் கீழே ஜிப்சம் போர்டு ஃபால்ஸ் சீலிங். இரண்டுக்கும் நடுவில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு ஓர் இருட்டு இடைவெளி. ஏசி இயந்திரமும், அதன் காற்றைக் கொண்டுபோகும் குழாய்களான டக்டுகளும் அங்கேதான் தொங்கும். சித்திரை மதியத்தில் அந்த இடைவெளி 45 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கட்டடத்திலேயே மிகச் சூடான இடத்தின் வழியாக நாம் குளிர்ந்த காற்றை அனுப்புகிறோம். அந்த டக்டில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அறை குளிரவில்லை என்றால், “கேஸ் குறைந்திருக்கும், ஏற்றிவிடலாம்” என்பதுதான் வழக்கமாக வரும் முதல் பதில். கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு மேலே பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். அமெரிக்க வீடுகள் பலவற்றில் டக்டுகள் மேல்தளப் பரணில் ஓடுகின்றன. அங்கே ஒரு சராசரி வீட்டில் டக்டுக்குள் போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் ஓட்டைகளாலும் சரியாகப் பொருந்தாத இணைப்புகளாலும் வீணாகிறது என்கிறது அந்நாட்டு அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம். நம் தகரக் கூரைகளுக்கு அந்த எண் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கட்டடத்தின் எண்ணை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், எந்தப் பக்கக் கசிவு?

இயந்திரத்திலிருந்து அறைக்குக் குளிர்ந்த காற்றைக் கொண்டுபோவது சப்ளை டக்ட். அறையின் காற்றைத் திரும்ப இயந்திரத்துக்கு இழுத்து வருவது ரிட்டர்ன் டக்ட். சப்ளையில் ஓட்டை இருந்தால் குளிர்ந்த காற்று கூரை இடைவெளிக்குள் கொட்டும். பத்தில் ஒரு பங்கு கசிந்தால் குளிர்ச்சியிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போகும். ரிட்டர்னில் ஓட்டை இருந்தால் கதை வேறு. அங்கே காற்று வெளியே போவதில்லை. கூரைக்கு அடியில் உள்ள கொதிக்கும் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அதோடு தூசியும் பஞ்சும் சேர்ந்து வரும். ரிட்டர்ன் கசிவு வெளியே வீசாததால் கையில் படுவதும் குறைவு, கண்ணில் படுவதும் குறைவு. ஆனால் இழப்பு அதில்தான் அதிகம். அதனால் இந்தச் செய்முறையில் ரிட்டர்னுக்கே முதலிடம்.

உங்கள் கட்டடத்தில் ரிட்டர்ன் டக்டே இல்லாமலும் இருக்கலாம். சீலிங்கில் ஒரு கிரில்லை மட்டும் வைத்துவிட்டு, மொத்த இடைவெளியையும் ரிட்டர்ன் பாதையாக விட்டிருப்பார்கள். மேலே கான்கிரீட் தளம் இருக்கும் கட்டடத்தில் அது ஓரளவு ஒப்பேறும். தகரக் கூரைக்கு அடியில் அப்படிச் செய்வது பெரும் தவறு. அங்கே ஓட்டையை அடைக்கும் பூச்சால் பயனில்லை. கிரில்லிலிருந்து இயந்திரம் வரை இன்சுலேஷன் போட்ட டக்ட் ஒன்றைப் புதிதாகக் கட்டத்தான் வேண்டும்.

படி 1: மதியம் அளவெடுங்கள்

கம்பியின் முனையில் உணரி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். வெயில் உச்சத்தில், ஏசி அரை மணி நேரம் தொடர்ந்து ஓடிய பிறகு நான்கு இடங்களில் அளவெடுங்கள்: அறையில் ரிட்டர்ன் கிரில்லின் வாயில், இயந்திரத்தின் ஃபில்டருக்குச் சற்று முன்னால், இயந்திரத்திலிருந்து காற்று வெளியேறும் இடத்தில், கூரை இடைவெளியில். இந்த நேரத்தில் இடைவெளிக்குள் ஏறக் கூடாது. சீலிங்கின் திறப்பு வழியாகக் கம்பியை நீட்டினால் போதும். ஃபில்டர் எட்டாத இடத்தில் இருந்தால், காலையிலேயே அங்கே உணரியைக் கட்டிவிட்டு வாருங்கள். வெளிக்காற்றை வேண்டுமென்றே உள்ளே எடுக்கும் டாம்பர் இருந்தால், அளக்கும் வரை அதை மூடி வையுங்கள்.

ஒரு 5 டன் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். கிரில்லில் 26 டிகிரி. கூரை இடைவெளியில் 46. ஃபில்டருக்கு முன்னால் 28.6. வெளியேறும் இடத்தில் 17.6.

கிரில்லில் 26 டிகிரியாக நுழைந்த காற்று, சில அடி தூரம் போவதற்குள் 28.6 ஆகிவிட்டது. ஏற்றம் 2.6 டிகிரி. உள்ளே வந்த காற்று முழுவதும் கூரைக் காற்றாகவே இருந்திருந்தால் ஏற்றம் 20 டிகிரி. 2.6-ஐ 20-ஆல் வகுத்தால் 0.13. அதாவது இயந்திரம் இழுக்கும் காற்றில் 13 சதவீதம் கூரைக்கு அடியிலிருந்து வருகிறது.

இப்போது முக்கியமான கணக்கு. இயந்திரம் காற்றை 28.6-லிருந்து 17.6-க்குக் கொண்டுவருகிறது, 11 டிகிரி குளிர்விக்கிறது. அந்த 11-இல் 2.6 டிகிரி, ஓட்டை வழியாக வந்த சூட்டைத் தணிப்பதற்கே செலவாகிறது. இது ஏறத்தாழ 24 சதவீதம். கசிந்தது நூற்றில் 13 பங்குதான், போன குளிர்ச்சியோ கிட்டத்தட்ட கால்வாசி. 5 டன்னுக்கு விலை கொடுத்த முதலாளிக்கு 4 டன்கூடக் கிடைக்கவில்லை.

ஒரு வரம்பையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரிட்டர்ன் டக்டின் இன்சுலேஷன் கிழிந்திருந்தால், தகட்டின் வழியாகவும் சூடு ஏறும். அப்போது இந்தக் கணக்கு கசிவைச் சற்றுக் கூட்டிக் காட்டும். ஏற்றம் ஒரு டிகிரிக்குள் இருந்தால் அதை இன்சுலேஷனின் கணக்கில் எழுதுங்கள். இரண்டைத் தாண்டினால் ஓட்டையைத் தேடுங்கள்.

படி 2: விடியற்காலையில் மேலே ஏறுங்கள்

தகரம் சூடாவதற்குள், காலை ஆறு மணிக்கு வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஜிப்சம் போர்டு ஆள் எடையைத் தாங்காது. கூரையின் இரும்புச் சட்டங்களில் படியும்படி பலகை போட்டு, அதன் மேல்தான் நகர வேண்டும். முகக்கவசம், கையுறை, தலைவிளக்கு வேண்டும். கீழே துணைக்கு ஓர் ஆள் நிற்க வேண்டும். எலி கடித்த வயர் இருக்கலாம் என்பதால் விளக்கு லைன்களை அணைத்துவிடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் அதைச் சுரண்டவோ துளையிடவோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

முதலில் இயந்திரத்தின் விசிறி மட்டும் ஓடட்டும். ஊதுபத்திப் புகையால் கசிவைப் பார்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். பனியன் ஊரில் அது வேண்டாம். கூரைக்கு அடியில் படிந்திருக்கும் பஞ்சு ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். ஒரு குச்சியின் முனையில் மெல்லிய நூலைக் கட்டி ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் நீட்டுங்கள். சப்ளையில் கசிவு இருந்தால் நூல் விலகிப் பறக்கும். ரிட்டர்னில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கும் அடையாளம் உண்டு. பல மாதங்களாகக் காற்று உரசிப் போன இடத்தில் இன்சுலேஷன் மீது கரும்பட்டை விழுந்திருக்கும். கசிவுள்ள ரிட்டர்ன் இணைப்பில், தகடுகள் சந்திக்கும் கோட்டில் பஞ்சு மயிர்க்கால் போல வரிசையாக நட்டுக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் நூல்கூடத் தேவையில்லை. ஒவ்வொரு இடத்திலும் சாக்பீஸால் வட்டமிடுங்கள்.

எங்கே தொடங்குவது? இயந்திரத்தை ஒட்டிய இடத்தில். அழுத்தம் அங்கேதான் அதிகம். இயந்திரத்தின் அதிர்வு டக்டுக்குப் போகாமலிருக்க நடுவில் ஒரு கேன்வாஸ் துணி மாட்டியிருப்பார்கள். சில ஆண்டுகளில் அது மடிப்பில் கிழிந்துவிடும். நான் பார்த்தவரை மிகப் பெரிய ஓட்டை பெரும்பாலும் அதுதான். கிழிந்த கேன்வாஸை ஒட்டுப்போட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

சிறிய இடுக்கையும் அலட்சியம் செய்யக் கூடாது. 40-க்கு 30 சென்டிமீட்டர் டக்டின் ஓர் இணைப்பைச் சுற்றி 2 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால், ஓட்டையின் பரப்பு 28 சதுர சென்டிமீட்டர். 25 பாஸ்கல் அழுத்தத்தில் அதன் வழியாக ஏறத்தாழ 23 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 23 கன அடி காற்று போகும். அப்படிப் பத்து இணைப்புகள் இருந்தால் 230. டன்னுக்கு 400 என்ற கணக்கில் 5 டன் இயந்திரம் தள்ளுவது 2000 சிஎஃப்எம். ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் இந்த இடுக்குகளிலேயே போய்விடும்.

படி 3: அடையுங்கள்

இயந்திரத்தை அணைத்து, மெயின் ஸ்விட்சையும் இறக்கிவிடுங்கள். துணி முதுகுள்ள சாதாரண டக்ட் டேப்பை இதற்கு வாங்க வேண்டாம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 1990-களின் பிற்பகுதியில் பல அடைப்புப் பொருள்களைச் சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி வைத்துச் சோதித்தது. அந்த டேப்தான் பிடிப்பை இழந்தது. நம் கூரைச் சூட்டில் அதன் பசை இன்னும் சீக்கிரம் காய்ந்து உதிரும். ஏசி உதிரிப் பொருள் கடையில் கேட்டால், டப்பாவில் பசை போன்ற டக்ட் சீலன்ட் கிடைக்கும். நீர் கலந்த வகை, தூரிகையால் பூசுவது, வாடை குறைவு. அதுதான் வேண்டும்.

இணைப்பின் மேலுள்ள இன்சுலேஷனைக் கத்தியால் கீறி, கிழியாமல் இரு பக்கமும் மடித்து வையுங்கள். தகட்டை ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள். பஞ்சின் மீது பூசினால் பூச்சு பஞ்சோடு கழன்று வரும். இணைப்பு ஆடினால் முதலில் தகட்டு ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள், ஏனென்றால் சீலன்ட் இடுக்கை அடைக்குமே தவிர எடையைத் தாங்காது. பிறகு இணைப்பின் இருபுறமும் சுமார் ஓர் அங்குல அகலத்துக்கு, அடியிலுள்ள கோடு தெரியாத அளவு கனமாகப் பூசுங்கள். 2 மில்லிமீட்டர் கனம் சரியாக இருக்கும். இடுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், ஃபைபர் வலைப் பட்டையை ஒட்டி அதன் மேல் பூச வேண்டும். வெறும் பூச்சு காயும்போது விரிசல் விடும். டக்டின் அடிப்பக்கத்தைத் தவறாமல் பூசுங்கள். கை எட்டாது என்று விட்டுப்போவது எப்போதும் அந்தப் பக்கம்தான்.

ஃபிளெக்ஸிபிள் டக்ட் மாட்டும் இடத்தில், உள்குழாயைத் தகட்டுக் கழுத்தின் மேல் இரண்டு அங்குலமாவது ஏற்றி, நைலான் டையால் இறுக்கி, அதன் விளிம்பில் பூசிய பிறகே வெளி இன்சுலேஷனை இழுத்து மூட வேண்டும். வெளி உறையை மட்டும் டேப்பால் சுற்றியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். உள்ளே குழாய் கழன்று கிடக்கும்.

இரவு முழுதும் காய விட்டு, இன்சுலேஷனைப் பழையபடி மூடி, கீறிய கோட்டின் மேல் அலுமினியம் டேப்பை இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். இதை விட்டுவிட்டால் கோடையில் ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழையில் ஈரக்காற்று குளிர்ந்த தகட்டைத் தொட்டு வியர்க்கும். சீலிங்கில் மஞ்சள் கறை விழும். கூரை ஒழுகுகிறது என்று ஆள் கூப்பிடுவீர்கள்.

படி 4: மறுபடி அளவெடுங்கள்

அதே வெயில் நேரத்தில் அதே இடங்களில் உணரியை வையுங்கள். நம் எடுத்துக்காட்டில் ஃபில்டருக்கு முன்னால் 26.6 வந்தால், ஏற்றம் 0.6 மட்டும், கசிவு 3 சதவீதம். அதற்கு மேல் துரத்த வேண்டியதில்லை.

அடைத்த பிறகு காற்று குறைந்தது போலத் தோன்றினால், அல்லது கம்ப்ரசருக்குத் திரும்பும் தடித்த செம்புக் குழாயில் பனி படிந்தால், உடனே கம்ப்ரசரை நிறுத்துங்கள். இவ்வளவு நாளும் ஓட்டைகளின் வழியாகத்தான் இயந்திரம் தனக்கு வேண்டிய காற்றை எடுத்துக்கொண்டிருந்தது என்று பொருள். முதலில் ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால், ரிட்டர்ன் கிரில் சிறியது. அறையின் பக்கத்தில் இன்னொரு கிரில்லைத் திறந்து, அதையும் டக்டால் ரிட்டர்னோடு இணைக்க வேண்டும்.